கண்ணுல ஃபோகஸ் விழுந்தா காலர் போச்சு

"அக்கா, ஆம்பூர்ல லெதர் காலர் கையால செஞ்சு ஆன்லைன்ல விக்கிறேன். எங்க வீட்டு செவலை நாய்க்கே போட்டுவிட்டு போட்டோ எடுக்குறேன். மிரர்லெஸ் கேமரா, 50 எம்எம் லென்ஸ். படம் பாக்குறவங்க எல்லாம் 'டாகி செம க்யூட்'னு போடுறாங்க, காலர் என்ன விலைன்னு ஒருத்தர் கேக்கல. அவனும் ரெண்டு நிமிஷம் ஒழுங்கா உக்கார மாட்டேங்குறான், நாக்கை தொங்கப்போட்டு மூச்சு வாங்குறான். ஸ்டீல் பவுல் எடுத்தா அதுக்குள்ள நானே தெரியுறேன். எங்க தப்பு பண்றேன்?"

தம்பி, நீங்க அனுப்புன ஆறு படத்தையும் லேப்டாப்ல முழு சைஸுக்கு பெருசாக்கி பாத்தேன். ஆறுலயும் உங்க செவலைப் பையனோட கண்ணு முடிய எண்ணலாம், அவ்ளோ ஷார்ப்பா இருக்கு, ஆனா காலர்ல இருக்குற பித்தளை பக்கிள் வெண்ணெய் மாதிரி உருகி கெடக்கு, தையல் இருக்குறதே தெரியல. அப்போ பாக்குறவன் எதைப் பத்தி பேசுவான்? எது தெளிவா இருக்கோ அதைப் பத்திதான் பேசுவான்.

இது உங்க தப்புன்னு கூட சொல்ல முடியாது, கேமரா பண்ற வேலை. இப்போ வர்ற மிரர்லெஸ்ல விலங்கோட கண்ணைத் தானா தேடிப் பிடிக்கிற ஆட்டோஃபோகஸ் ஒண்ணு இருக்கு, நாயைக் கண்டா போதும், நீங்க எங்க வச்சாலும் அது ஓடிப்போய் கண்ணுல உக்காந்துக்கும். நாயைப் படம் எடுக்குறவங்களுக்கு அது வரம், நாய் கழுத்துல இருக்குற பொருளை எடுக்குறவங்களுக்கு சனியன். நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு காலர் ஆர்டர் எடுத்து இருநூறு படத்துக்கு மேல சுட்டேன், அப்போ இந்த ஆட்டோ வசதி கூட இல்ல, நானே பழக்கதோஷத்துல கண்ணுல ஃபோகஸ் வச்சேன், லென்ஸையும் முழுசா தொறந்து வச்சிருந்தேன், அந்த கஸ்டமர் படத்தையெல்லாம் பாத்துட்டு ஒரே வார்த்தைதான் கேட்டார், "ஏம்மா, நாம நாய் விக்கிறோமா காலர் விக்கிறோமா?" திரும்ப எடுத்துக் குடுத்தேன், காசு வாங்காம.

அதனால மொதல் வேலை, மெனுவுல போய் அந்தக் கண்ணு தேடுற வசதிய ஆஃப் பண்ணுங்க. ஒத்தைப் புள்ளி ஃபோகஸ் வைங்க, அந்தப் புள்ளிய பக்கிள் மேல வைங்க. போன்ல எடுக்குறப்பவும் இதே கதைதான், காலர் மேல விரல வச்சு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் அங்கயே பூட்டிக்கும், ஐபோன்ல AE/AF LOCK னு மேல வரும். போர்ட்ரெய்ட் மோடு பக்கமே போகாதீங்க, அது காலரோட ஓரத்தையும் முடியையும் பிரிக்கத் தெரியாம ரெண்டையும் சேத்து மங்கலாக்கி வச்சிடும்.

அடுத்தது அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் எவ்ளோ தொறந்திருக்குங்கறது, எண் சின்னதுன்னா தொறப்பு பெருசு. நீங்க எல்லாத்தையும் 1.8ல எடுத்திருக்கீங்க. உங்க கேமரா சென்சார் சின்னது, ஏபிஎஸ்-சி, அதுல 50 எம்எம் லென்ஸ வச்சு ஒரு மீட்டர் தூரத்துல இருந்து 1.8ல எடுத்தா தெளிவா விழுற ஆழம் மொத்தமே கிட்டத்தட்ட 2.7 சென்டிமீட்டர்தான். உங்க பையன் கேமராவை நேரா பாத்து உக்காந்திருக்கான், அவன் கண்ணுக்கும் கழுத்துப் பக்கிளுக்கும் முன்பின்னா ஒரு 15 சென்டிமீட்டர் இருக்கும். ஒண்ணு தெளிவா இருந்தா இன்னொண்ணு கலங்கித்தான் ஆகணும், வேற வழியே இல்ல. 5.6க்கு வந்தா அந்த ஆழம் எட்டரை சென்டிமீட்டர் ஆகும், 8ல 12 ஆகும், அப்பவும் நேரா உக்காந்தா ரெண்டும் ஒண்ணா வராது. இங்கதான் நெறைய பேர் லென்ஸை இன்னும் மூடி 11, 16ன்னு போயி வெளிச்சம் பத்தாம, கேமராவோட வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவ ஏத்தி படத்தை மணல் மாதிரி ஆக்கிடுவாங்க. அது தேவையே இல்ல, நாயை பக்கவாட்டா திருப்புங்க, அவ்ளோதான். உடம்பு ஜன்னலப் பாத்த மாதிரி, கேமராவுக்கு பக்கவாட்டு, தலை மட்டும் லேசா நம்ம பக்கம். அப்போ கண்ணும் காலரும் கிட்டத்தட்ட ஒரே தூரத்துக்கு வந்துடும், 5.6 தாராளமா போதும், பின்னாடி சுவர் ரெண்டு மீட்டர் தள்ளி இருந்தா அதுவும் நல்லா மங்கிடும். ஷட்டர் 250ல ஒரு பங்குக்கு கீழ வேணாம், உக்காந்திருக்குற நாய் கூட மூச்சு விடும், காது ஆட்டும். ஐஎஸ்ஓ 800, 1600 வரைக்கும் கவலைப்படாதீங்க.

இன்னொரு விஷயம் மனுஷ மூளை சம்பந்தப்பட்டது. படத்துல ஒரு கண்ணு நம்மள நேரா பாத்துதுன்னா நாம அதைத்தான் மொதல்ல பாப்போம், காலர் எவ்ளோ தெளிவா இருந்தாலும் அது ரெண்டாவதுதான். அதனால அவனை கேமராவ பாக்க விடாதீங்க. வீட்ல ஒருத்தர ஜன்னல் ஓரமா உக்கார வைங்க, கையில தீனி, அவன் மூக்கு மட்டத்துக்கு ஒரு ஜாண் மேல. அவன் அதைப் பாத்து மோவாயைத் தூக்குவான், கழுத்து நீளும், காலர் முழுசா வெளிய வரும். ரொம்ப மேல தூக்குனீங்கன்னா எகிறிக் குதிப்பான், கீழ எறக்குனா தாடை காலர மறைச்சுடும். கேமராவ அவன் கழுத்து மட்டத்துக்கு எறக்குங்க, நீங்க தரையில படுக்க வேண்டி வரும், படுங்க. நின்னுகிட்டு மேல இருந்து எடுத்ததாலதான் உங்க நாலாவது படத்துல தலையும் காதும் மட்டும் தெரியுது.

இன்னொரு மாதிரியும் எடுங்க, அதுல கண்ணே வேணாம். வாய் ஓரத்துல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் மட்டும் ஃப்ரேம், நடுவுல காலர். நாயோட உதடு, கழுத்து முடி, நெஞ்சு எல்லாம் இருக்கு, அதனால இது உயிருள்ள நாய் போட்டிருக்குற காலர்னு தெரியும், ஆனா கண்ணை இழுக்க வேற எதுவும் இல்ல. என் அனுபவத்துல கடைக்காரங்க கடைசில தேர்ந்தெடுக்குறது பெரும்பாலும் இந்தப் படமாத்தான் இருக்கு. முழு முகம் தெரியுற படம் ஒண்ணு கண்டிப்பா வேணும், அது அகலம் எவ்ளோன்னு ஆளுங்க புரிஞ்சுக்க.

இப்போ உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணு சொல்றேன். இந்த டேன் கலர் காலருக்கு உங்க பையன் சரியான மாடல் இல்ல. செவலை முடி மேல அதே செவலைத் தோல், ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு போகுது. சந்தேகமா இருந்தா படத்தை கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, காலர் எங்க முடியுது முடி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியலனா கலர்லயும் அது தோத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் படத்தை போன் ஸ்க்ரீன்ல கட்டைவிரல் நகம் சைஸுக்கு சின்னதாக்குங்க, வாங்குறவன் மொதல்ல பாக்குறது அந்த சைஸ்லதான், அதுல காலர் ஒரு கோடா தனியா தெரியணும். டேன் கலருக்கு தெருவுல ஒரு கறுப்பு நாயோ வெள்ளை நாயோ பழக்கமானது இருந்தா அதைக் கூப்பிடுங்க, தெரிஞ்சவங்க வீட்டு நாய்னா இன்னும் நல்லது. உங்க பையன வச்சு அந்தக் கரும்பச்சை, நீல காலர எடுங்க, அள்ளும். பின்னணி ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மூணாவது நிறமா, அடக்கமா இருக்கட்டும், வெளிறின சாம்பல், சந்தனம் மாதிரி. உங்க வீட்டு பூப்போட்ட சோபா அழகுதான், ஆனா காலரோட சண்டை போடுது.

காலர மாட்டுறதுலயும் விஷயம் இருக்கு. பக்கிள் பிடரிக்குப் பின்னாடி போயிட்டா, கயிறு மாட்டுற டி ரிங் தாடைக்குக் கீழ போயிட்டா, அப்போ நாம பாக்குறது வெறும் வார் மட்டும்தான். பக்கிள சுத்தி கேமராவுக்கு எதிர்ல, கன்னத்துக்கு நேர் கீழ கொண்டு வாங்க, மிச்ச வார் வளையத்துக்குள்ள ஒழுங்கா செருகி இருக்கணும். ரெண்டு விரல் உள்ள போற அளவுக்குத்தான் போடணும், போட்டோவுக்காக இறுக்காதீங்க, நாய் வளக்குறவங்க கண்ணு அதை மொதல்ல பிடிச்சுடும். லூசா விட்டாலும் சரிஞ்சு நெஞ்சு முடிக்குள்ள போயி பாதி காலர் காணாமப் போயிடும். சீப்பை எடுத்து காலருக்கு மேல வந்து விழுற முடிய எல்லாம் கீழ்ப்பக்கமா சீவி வார் அடியில செருகுங்க, அஞ்சு நிமிஷ வேலை, நாலு மணி நேர எடிட்டிங் மிச்சம்.

அப்புறம், போட்டோவுக்குப் போடுற பீஸும் பழக்கப்படுத்துற பீஸும் ஒண்ணா இருக்கக் கூடாது. புதுக் காலர் போட்டா நாய் கால் தூக்கிச் சொறியும், அரை மணி நேரம் அதுலயே இருக்கும். அதனால முந்தின நாளே ஒரு செகண்ட்ஸ் பீஸ் போட்டு விடுங்க, தையல் தப்புனது இருக்கும்ல, அது. கேமரா ரெடியானதும் புதுசுக்கு மாத்துங்க. நீங்க பண்றது வெஜிடபிள் டேனிங், அதாவது மரப்பட்டை மாதிரி தாவரச் சாறுல பதப்படுத்துன தோல்னு எழுதியிருந்தீங்க, அதுல எச்சி பட்டா உடனே கருத்துப் புள்ளி விழும், அது போகாது. ஒரு உலர்ந்த துணி பக்கத்துலயே இருக்கட்டும்.

சரி, அவன் ஏன் உக்கார மாட்டேங்குறான். படத்துல பின்னாடி ஜன்னல் வெயில பாத்தா பகல் 12 மணி மாதிரி இருக்கு, ஆம்பூர் வெயில்ல அந்நேரம் எந்த நாயும் நாக்கைத் தொங்கப்போடாம இருக்காது. காலைல ஆறரைல இருந்து எட்டுக்குள்ள முடிங்க. மொதல்ல அரை மணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க, வந்து தண்ணி குடிச்சு, மூச்சு சாதாரணத்துக்கு வர்ற வரைக்கும் விடுங்க, அதுக்கப்புறம்தான் கேமரா. காலை சாப்பாட்டுல பாதியை மட்டும் குடுங்க, முழு வயிறுன்னா தீனிய மதிக்க மாட்டான், பட்டினின்னா தீனிய பாத்ததும் எச்சி ஊத்தும்.

மூணு நாள் முன்னாடியே அந்த ரூம்ல அவனுக்கு ஒரு பாய் போடுங்க, ட்ரைபாடும் தெர்மாகோலும் அங்கயே நிக்கட்டும், தினமும் ரெண்டு தடவை அந்தப் பாய் மேல உக்காந்தா மட்டும் தீனி. மூணாவது நாள் அவனே போய் உக்காருவான். லைட்டு செட் பண்றப்ப அவன அங்க உக்கார வைக்காதீங்க, இதுலதான் எல்லாரும் நாயோட பொறுமையை வீணடிக்கிறாங்க. ஒரு பழைய போர்வைய அவன் கழுத்து மொத்தத்துக்கு உருட்டிக் கட்டி அதுல காலர மாட்டி, ஸ்டூல் மேல வச்சு வெளிச்சம், ஃபோகஸ், ஃப்ரேம் எல்லாத்தையும் முடிச்சுடுங்க. எல்லாம் சரியானதுக்கு அப்புறம் போர்வைய எடுத்துட்டு அவன வைங்க, பத்து நிமிஷம் போதும். அப்புறம் அரை மணி நேரம் விட்டுட்டு இன்னொரு பத்து நிமிஷம், அன்னிக்கு அதோட சரி.

தீனின்னா வேகவச்ச கோழி, உப்பு போடாம, பட்டாணி அளவு. பிஸ்கட் குடுத்தா துகள் காலர் மேல ஒட்டும், மெல்றதுக்கும் நேரமாகும். குடுத்ததும் எடுக்காதீங்க, முழுங்கி உதட்டை நக்கி முடிக்கட்டும், பத்து செகண்ட். வாயைத் தொறந்தே வச்சிருந்தான்னா ஒரு வேலை பண்ணுங்க, கேமராவுக்கு வெளிய இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர மெல்லமா கசக்குங்க. அவனுக்குத் தெரியாத சத்தம் கேட்டதும் மூச்சு வாங்குறத நிறுத்தி வாயை மூடிட்டு கவனிப்பான், ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட், அதுக்குள்ள நாலஞ்சு படம் எடுத்துடணும். ஒரு சத்தம் ரெண்டு மூணு தடவைக்குத்தான் வேலை செய்யும், அப்புறம் பழகிடும், அதனால டெஸ்ட் ஷாட்டுக்கு அதை செலவு பண்ணாதீங்க. கேமராவுல சைலன்ட் ஷட்டர் இருந்தா போட்டுக்கோங்க.

தூக்கம் வராதப்ப கொட்டாவி விடுறான், சாப்பிடாமயே உதட்ட நக்குறான், தலையைத் திருப்பிக்கிறான், கண்ணோட வெள்ளை ஓரமா தெரியுது, காது பின்னாடி ஒட்டிக்கிது, இதுல எது வந்தாலும் அவனுக்கு போதும்னு அர்த்தம். நிறுத்திடுங்க. உங்க ரெண்டாவது படத்துல வெள்ளை தெரியுது, க்யூட்னு கமெண்ட் வந்திருக்கு, ஆனா நாய் தெரிஞ்சவங்க அதைப் பாத்தா இந்தக் காலர் அதுக்கு உறுத்துதுன்னு நெனைப்பாங்க.

கயிறு இல்லாம வாசல் பக்கம் எடுக்காதீங்க. பின்னணி நிறத்துலயே மெல்லிசா ஒரு கயிறு, அதை பழைய காலர்ல கட்டாம மார்பு பெல்ட்டுல கட்டி ஃப்ரேமுக்கு வெளிய பிடிச்சுக்கோங்க, பெல்ட்டு தெரியாத அளவுக்கு கழுத்து வரைக்கும் ஃப்ரேம வெட்டிக்கலாம். கயிறு தெரிஞ்சா எடிட்ல அழிக்கலாம், அதுக்கு ட்ரைபாட் அசையாம நாய் இல்லாத வெறும் பின்னணி ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க, அதை கீழ் லேயரா போட்டு, மேல இருக்குற நாய் படத்துல கயிறு இருக்குற இடத்தை மட்டும் அழிச்சா சுத்தமா வரும்.

வெளிச்சத்துக்கு உங்க ஜன்னலே போதும், நேர் வெயில் வராத ஜன்னல், மேல ஒரு வெள்ளை வேட்டி கட்டுங்க. அது கேமராவுக்குப் பின்னாடி இல்ல, பக்கவாட்டுல இருக்கணும், அப்பத்தான் தோலோட ரேகையும் தையல் குழியும் நிழல் விழுந்து எடுப்பா தெரியும். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் ஷீட். பக்கிள் கறுப்பா செத்த மாதிரி தெரியுதுல்ல உங்க படத்துல, அது அழுக்கு இல்ல, பித்தளை உங்க இருட்டு ரூமை பிரதிபலிக்குது. கையகல வெள்ளை அட்டை ஒண்ண பக்கிளுக்கு நேரா, ஃப்ரேமுக்கு வெளிய ஒட்டி பிடிச்சு மெல்ல சாய்ச்சுப் பாருங்க, ஒரு கோணத்துல பளிச்சுன்னு தங்கமா மாறும், அங்கயே நிறுத்துங்க. ரூம் ட்யூப்லைட்ட அணைச்சுடுங்க, ஜன்னல் வெளிச்சத்தோட அது கலந்தா டேன் கலர் பச்சை அடிக்கும், படத்துல ஒரு கலர் பார்சல்ல ஒரு கலர்னு ரிட்டர்ன் வரும். ஆரம்பத்துல காலர் பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள் வச்சு ஒரு படம் எடுத்து வைங்க, எடிட்ல அதை வச்சு நிறத்த சரி பண்ணிக்கலாம்.

பவுலுக்கு வர்றேன், அது இன்னும் சுலபம், ஏன்னா நாய் சாப்பிடுற படம் நமக்கு வேணவே வேணாம். சாப்பிட ஆரம்பிச்சா மூஞ்சி பவுலுக்குள்ள போயிடும், நாம பாக்குறது உச்சந்தலையும் காதும்தான், பவுல் சிதறிக் கெடக்கும். பவுல முன்னாடி வைங்க, நாய் அரை மீட்டர் பின்னாடி உக்காந்து காத்திருக்கட்டும், ஃபோகஸ் பவுலோட முன்விளிம்புல, லென்ஸ் 4ல. நாய் லேசா மங்கலா, ஆனா யாருன்னு தெரியுற மாதிரி இருக்கும், அதுதான் வேணும். கேமரா விளிம்புக்குக் கொஞ்சம் மேல இருக்கட்டும், பவுல் வாய் ஒரு ஒடுக்கமான முட்டை வடிவமா தெரியணும், முழு வட்டமா தெரிஞ்சா ரொம்ப மேல இருக்கீங்கன்னு அர்த்தம். உள்ள ஒரு சின்ன கிண்ணத்தைக் கவுத்து வச்சு அதுக்கு மேல உலர்ந்த தீனிய பரப்புனா கொஞ்சத்துலயே விளிம்பு வரைக்கும் நிறைஞ்ச மாதிரி வரும், ஈர சாப்பாடு வேணாம், படத்துல அசிங்கமா இருக்கும். அழகுக்காக பக்கத்துல திராட்சை, வெங்காயம், சாக்லேட் எதையும் வைக்காதீங்க, மூணுமே நாய்க்கு விஷம், எட்டி ஒரு வாய் வச்சுட்டா முடிஞ்சுது கதை.

நீங்க உள்ள தெரியுறதுக்குக் காரணம் பளபளப்பான ஸ்டீல் ஒரு வளைஞ்ச கண்ணாடி, எதிர்ல இருக்குற எல்லாத்தையும் காட்டும், எடிட்ல துடைச்சு மாளாது. ரெண்டு தெர்மாகோல் ஷீட்ட பவுலுக்கு முன்னாடி இடதும் வலதுமா நிறுத்தி நடுவுல லென்ஸ் நுழையுற அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்க, நீங்க கறுப்புச் சட்டை போடாம வெள்ளையோ சாம்பலோ போட்டுக்கோங்க. லென்ஸ் மட்டும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியா தெரியும், அது எடிட்ல ரெண்டு நிமிஷம். முழுக்க வெள்ளையா பிரதிபலிச்சா பவுல் பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும், அதனால ஒரு ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு கறுப்பு சார்ட் பட்டைய ஒட்டி வைங்க, அந்தக் கோடு விழுந்தாத்தான் ஸ்டீல் ஸ்டீலா தெரியும். இந்த வேலையெல்லாம் நாய் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, தெர்மாகோல் முன்னாடி நிக்கிறதால அவன் உங்களைப் பாக்க முடியாது, தீனி வச்சிருக்குற ஆளத்தான் பாப்பான்.

அமேசான்ல போடுறதா இருந்தா மொதல் படத்துல நாயே வரக் கூடாது, பொருள் மட்டும், சுத்த வெள்ளைப் பின்னணி, 255, 255, 255, ஃப்ரேம்ல 85 சதவீதம் பொருள் நிறையணும். நாய் படமெல்லாம் ரெண்டாவதுல இருந்து. மொதல்ல கழுத்துக்கு மட்டும் எடுத்த அந்த கண்ணில்லாத படம், அதுக்கு அப்புறம் முழு முகம். டேன் காலர கறுப்பு நாய்க்குப் போட்டு எடுத்ததும் எடிட் பண்ணாம அப்படியே அனுப்புங்க, பக்கிள்ல ஃபோகஸ் உக்காந்திருக்கான்னு பாத்துட்டு சொல்றேன்.